பழைய பாக்கி எம்புட்டு? மளிகைக் கடைக்காரருக்கு இருபது விநாடியில் பில்லிங் மென்பொருளைக் காட்டும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் பில்லிங் மென்பொருளைக் காட்ட உங்களுக்குக் கிடைப்பது, ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் இருக்கும் நேரம்தான். அதற்குள் சரக்கு இருப்பு, வரிக் கணக்கு, லாப அறிக்கை என்று பத்தையும் காட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது. கல்லாவில் தினமும் நடக்கும் ஒரே ஒரு இக்கட்டை எடுத்து, அது தீர்வதை மட்டும் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். பற்றுக் கணக்கில் வாங்குபவர் "பழைய பாக்கி எம்புட்டு?" என்று கேட்கும் நொடியை இங்கே எடுத்துக்கொண்டு, இருபது விநாடிக் காணொளிக்கான வசனமும் காட்சியும் எழுதுவது எப்படி என்று தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

எந்த இக்கட்டு, ஏன் அது

பற்று எழுதிக் கொடுப்பது இந்தப் பக்கத்துக் கடைகளில் வழக்கம். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று வீடு திறக்கும் நாட்களில் சாமான் மொத்தமாகப் போகும்; பணம் விசேஷம் முடிந்த பிறகு, பல தவணையாக வரும். கடைக்காரர் எழுதி வைத்த கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய ஊர் இது; பற்று வரவு எழுதுவதை இங்கே யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சிக்கல் தேடுவதில்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் எழுதியது ஒரு நோட்டில், போன வாரம் எழுதியது இன்னொன்றில், நடுவில் வந்த ஐந்நூறு ரூபாய் வரவு அட்டையின் உள்பக்கத்தில். அவர் புரட்டிக்கொண்டே இருக்க, பின்னால் இரண்டு பேர் காத்து நிற்கிறார்கள்.

ஆகவே காணொளியில் நோட்டைக் கேலி செய்யாதீர்கள். கசங்கிய தாள், கிழிந்த அட்டை, தலையில் கை வைத்துக்கொள்ளும் கடைக்காரர் எல்லாம் வேண்டாம். தான் முப்பது வருஷமாகக் கையாளும் நோட்டை இப்படிக் காட்டினால் பார்ப்பவர் முதல் விநாடியிலேயே விலகிவிடுவார். நோட்டு சுத்தமாக இருக்கட்டும், எழுத்து அழகாகவே இருக்கட்டும். பக்கம் புரளும் நேரம் மட்டும் தெரிந்தால் போதும்.

பெயரில் தேடினால் இந்த ஊரில் எடுபடாது

வெளியூரில் தயாராகும் மாதிரிக் காட்சிகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. திரையில் பெயரைத் தட்டினால் ஒரே ஒரு ஆள் வருவதாகக் காட்டுவார்கள். நகரத்தார் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா, பாட்டி பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஒரே தெருவில் நான்கு வள்ளியம்மை, மூன்று அழகப்பன் இருப்பார்கள். கடைக்காரர் நோட்டில் எழுதி வைப்பது வீட்டு விலாசத்தின் தலைப்பெழுத்துகளை. காட்சியிலும் அவர் அதையே தட்ட வேண்டும்: இரண்டெழுத்து விலாசம், உடனே அந்த வீட்டுக் கணக்கு. தன் ஊர்க் கணக்கு முறை இந்தக் கருவிக்குள் அடங்கும் என்று பார்ப்பவருக்கு அந்த ஒரு செய்கையிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு மென்பொருளில் தனி வசதி தேவையில்லை. வாடிக்கையாளர் பெயர் எழுதும் கட்டத்தில் விலாசத்தை முதலில் போட்டு, பிறகு பெயரைப் போடுங்கள்: "ந.சொ. வீடு – வள்ளியம்மை". விலாசமும் பெயரும் மாதிரியாக இருக்கட்டும். நீங்கள் காட்டப் போகும் ஊரில் அந்த விலாசத்தில் வீடு இல்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே பயன்படுத்துங்கள். உண்மையான கடையின் கணக்கைத் திறந்து படம் எடுக்கவே கூடாது. ஒரு வீட்டுக் கடன் தொகை காணொளியில் ஊர் சுற்றினால், அந்தக் கடைக்காரர் அந்த வாடிக்கையாளரை இழப்பார். நீங்கள் அந்தத் தெருவையே இழப்பீர்கள்.

மென்பொருளுக்குள் முதலில் செய்ய வேண்டியவை

வசனம் எழுதும் முன் எண்களைத் தீர்மானியுங்கள். இந்தக் காட்சிக்கு நான் எடுத்துக்கொள்வது இவை: பழைய பாக்கி 1,340 ரூபாய். இன்றைய பில் 420. அதாவது துவரம்பருப்பு ஒரு கிலோ 150, நல்லெண்ணெய் அரை லிட்டர் 200, வரமிளகாய் கால் கிலோ 70. இரண்டும் சேர்ந்து 1,760. அவர் கொடுப்பது 1,000. மிச்சம் 760. விலைகளைப் படம் எடுக்கும் வாரத்தின் சந்தை விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மிளகாய் விலை தவறாக இருந்தால் மளிகைக் கடைக்காரரின் கண் அங்கேயே நின்றுவிடும், பாக்கியைப் பார்க்காது. எண்கள் மனக்கணக்கில் கூட்டக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். அவர் உங்கள் மென்பொருளைவிட வேகமாகக் கூட்டிப் பார்ப்பார். பாக்கியை வெறும் 1,000 என்று வைத்தால் செய்து வைத்தது போலத் தெரியும்.

இனி மாதிரிக் கணக்கில் 1,340 ரூபாயைத் தொடக்க நிலுவையாக, போன மாதத் தேதியில் பதியுங்கள். மூன்று சாமான்களையும் பில்லில் ஏற்றித் தயாராக வையுங்கள். சாமான் ஏற்றுவதை இந்தக் காணொளி காட்டப் போவதில்லை. அதைக் காட்டினால் இருபது விநாடியில் பாதி அதற்கே போய்விடும். பார்ப்பவரும் இது பில் போடும் வேகத்தைப் பற்றிய படம் என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்தது பில் அமைப்பு. பல மென்பொருள்களில் பழைய பாக்கி பில்லில் தானாக அச்சாகாது. அச்சு அமைப்புக்குள் போய் அதைத் தனியே இயக்க வேண்டும். இயக்கிய பிறகு சீட்டின் அடியில் இந்த வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள்:

இன்றைய பில் 420
பழைய பாக்கி 1,340
மொத்தம் 1,760
வரவு 1,000
மிச்சம் 760

சிறு கடைகளில் இருப்பது பெரும்பாலும் 58 மி.மீ. அகலத் தாள் போடும் வெப்ப அச்சு இயந்திரம். ஆங்கில எழுத்தென்றால் ஒரு வரிக்கு ஏறக்குறைய 32 எழுத்து கொள்ளும். விலை குறைந்த இயந்திரங்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. மென்பொருள் தமிழ் பில்லைப் படமாக மாற்றி அனுப்பும். அதனால் தமிழ்ச் சீட்டு கொஞ்சம் மெதுவாக வரும். இரண்டு விநாடிக்குள் சீட்டு வெளியே வர வேண்டுமானால், கடைச் சின்னத்தையும் "நன்றி, மீண்டும் வருக" வரியையும் எடுத்துவிட்டு நீளத்தைக் குறையுங்கள். ப்ளூடூத் இயந்திரம் சும்மா இருந்தால் உறங்கிவிடும், முதல் அச்சுக்குத் தாமதிக்கும். ஒவ்வொரு முறை படம் எடுக்கும் முன்பும் ஒரு வெற்றுச் சீட்டை அடித்து எழுப்பி வையுங்கள்.

வரிப் பகுதியிலும் கவனம் தேவை. பொருள் விற்பனையில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் கடைகளில் பல ஜிஎஸ்டி பதிவே செய்திருக்காது. பதிவு செய்தவர்களிலும் பலர் காம்போசிஷன் முறையில் இருப்பார்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, பில்லில் வரி தனியாகப் போடவும் கூடாது. ஆனால் மென்பொருளுடன் வரும் மாதிரி பில்லில் வரிக் கட்டங்கள் நிறைந்திருக்கும். அதை அப்படியே காட்டினால் "இது பெரிய கடைக்காரனுக்கு" என்று ஒதுக்கிவிடுவார். சின்னக் கடைக்கான காட்சியில் அந்த வரிக் கட்டங்களை அணைத்து வையுங்கள்.

கடனை உரக்கச் சொல்லக் கூடாது

வசனத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். எழுத உட்கார்ந்ததும் கடைக்காரர் வாயில் "ஆயிரத்து முந்நூத்தி நாப்பது ஆச்சி" என்று வைக்கத் தோன்றும். வேண்டாம். பின்னால் ஆள் நிற்கும்போது ஒரு ஆச்சியின் பாக்கியை வாய்விட்டுச் சொல்லும் கடைக்காரர் இந்த ஊரில் இல்லை. இருந்தால் அவரிடம் பற்றுக்கு யாரும் போகமாட்டார்கள். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டுவார், விரலை வைத்துக் காட்டுவார். காணொளியிலும் அவர் போனைத் திருப்பிக் காட்டட்டும். தொகை பார்வையாளருக்குப் பெரிய எழுத்தில் திரையில் வரும்; கடையில் நிற்பவர்களுக்குக் கேட்காது. கடைக்காரரின் நாகரிகத்தை மென்பொருள் கெடுக்காது என்பது சொல்லாமலே விளங்கும்.

இதில் நேரமும் மிச்சமாகிறது. தமிழில் எண்களைச் சொல்ல நேரம் பிடிக்கும். நான்கிலக்கத் தொகை ஒன்றை நிதானமாகச் சொன்னால் இரண்டு விநாடி போய்விடும். மூன்று தொகை சொன்னால் படத்தில் கால் பங்கு முடிந்தது.

வசனமும் காட்சியும்

இருபது விநாடிக்கு மொத்தம் இருபது, இருபத்தைந்து சொற்களுக்குள் நில்லுங்கள். இடையே பேச்சில்லாத இடங்கள் வேண்டும். கை வேலை செய்வதைக் கண் பார்க்க அவகாசம் கொடுப்பது அந்த மௌனம்தான்.

0 முதல் 5 விநாடி வரை. கல்லாவுக்கு மேலிருந்து நோட்டைப் பார்க்கும் கோணம். ஆச்சியின் குரல்: "தம்பி, பழைய பாக்கி எம்புட்டு?" கடைக்காரர்: "இருங்க ஆச்சி, பாக்குறேன்." பக்கங்கள் புரள்கின்றன. பின்னால் ஒரு பையன் எண்ணெய்த் தூக்கோடு நிற்பது ஓரத்தில் தெரிகிறது. திரையில் எழுத்து: "நோட்டில்".

5 முதல் 7 வரை. அதே கல்லா, அதே ஆச்சி, கடைக்காரரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கோணம். "தம்பி, பழைய பாக்கி எம்புட்டு?" எழுத்து: "இப்போது". கேள்வி ஒரு சொல்லும் மாறாமல் திரும்ப வருவதால், வித்தியாசம் பதிலில்தான் என்று காது பிடித்துக்கொள்ளும்.

7 முதல் 10 வரை. அவர் போனில் இரண்டெழுத்து தட்டுகிறார், விலாசத்தைத் தொடுகிறார். 1,340 வருகிறது, இன்றைய 420 சேர்ந்து 1,760 ஆகிறது. பேச்சில்லை. எழுத்து: "பழைய பாக்கி 1,340".

10 முதல் 12 வரை. போனை ஆச்சி பக்கம் திருப்புகிறார். "இந்தாங்க, பாருங்க ஆச்சி."

12 முதல் 14 வரை. இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் கல்லா மேல். "சரி, ஆயிரம் வச்சுக்கப்பா."

14 முதல் 18 வரை. 1000 என்று தட்டி, சேமிப்புப் பொத்தானைத் தொடுகிறார். சீட்டு வெளியே வருகிறது. பேச்சில்லை. எழுத்து: "மிச்சம் 760".

18 முதல் 20 வரை. சீட்டைக் கிழித்து நீட்டுகிறார். "மிச்சம் சீட்டுல இருக்கு ஆச்சி." அவர் பேசும்போதே மேலே ஒரு பட்டையில் மென்பொருளின் பெயரும் தொடர்பு எண்ணும். இதற்கென்று கடைசியில் தனி அட்டை வைக்க இடமில்லை.

மொத்தம் இருபத்தொரு சொல். கடைக்காரரோ ஆச்சியோ மென்பொருளின் பெயரைச் சொல்வதில்லை, புகழ்வதுமில்லை. "இப்ப எல்லாம் சுலபமாயிருச்சு ஆச்சி" என்று ஒரு வரி சேர்த்தாலும் கடை விளம்பரமாகிவிடும்.

பேச்சு வழக்கிலும் கவனமாக இருங்கள். வயதான நகரத்தார்ப் பெண்மணியை "ஆச்சி" என்பதே இங்கே இயல்பு. "மேடம்" என்று எழுதினால் அது வேறு ஊர்க் கடை. ஆச்சி கடைக்காரரைத் "தம்பி" என்றும் "அப்பா" என்றும் ஒருமையில் பேசுவார். கடைக்காரர் பன்மையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெட்டாமல் எடுப்பது

ஐந்தாம் விநாடியிலிருந்து இருபதாம் விநாடி வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். தட்டுவதற்கும் பதில் வருவதற்கும் நடுவில் வெட்டினால், மென்பொருள் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது மறைந்துவிடுகிறது. கடைக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவதோ அந்த நேரத்தைத்தான். வேகமாக ஓட்டுவதும் அதே குற்றம். பதினைந்து விநாடிக்குள் உண்மையிலேயே முடியவில்லை என்றால் காணொளியைத் திருத்தாதீர்கள். சீட்டு நீளத்தையும் எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது என்பதையும் குறையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் அந்த மென்பொருள் இந்த இக்கட்டுக்கு ஏற்றதல்ல.

போன் திரை தோளுக்குப் பின்னாலிருந்து சின்னதாகத்தான் தெரியும். அதனால் அதே ஓட்டத்தில் போனின் திரைப்பதிவையும் இயக்கி வையுங்கள். பிறகு அந்தப் பதிவைப் படத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் பொருத்துங்கள். சேமிப்புப் பொத்தானைத் தொடும் கணத்தை இரண்டிலும் ஒன்றாக நிறுத்தினால் மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் திரைப்பதிவுக்குள்ளேயே தொடுதலைக் காட்டும் வசதி இருக்கும். அதை இயக்கினால் விரல் படும் இடத்தில் ஒரு வட்டம் தெரியும். அழைப்பும் அறிவிப்பும் வராதபடி தொந்தரவு செய்யாதே நிலையில் வையுங்கள்.

படத்தை நெட்டுவாக்கில், 9:16 அளவில் எடுங்கள். குறுங்காணொளித் தளங்கள் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் தங்கள் எழுத்தையும் பொத்தான்களையும் வைக்கும். தொகைகளை அங்கே போட்டால் மறைந்துவிடும். கடைக்குள் எல்.இ.டி. விளக்கு எரிந்தால் படத்தில் கோடுகள் ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், சத்தத்துக்காக மட்டுமல்ல, சீட்டு பறந்து கடைசி வரியை மறைக்கும் என்பதற்காகவும். பளபளப்பான சீட்டுத் தாளில் விளக்கு நேராக விழுந்தால் எழுத்து தெரியாது, சற்றுச் சாய்த்து நீட்டச் சொல்லுங்கள்.

திரையில் போடும் தமிழ் எழுத்தை, காணொளி முடிந்த பிறகு வேறொரு போனில் ஒரு முறை படித்துப் பாருங்கள். சில தொகுப்புச் செயலிகளில் கொம்பு இடம் மாறும். "மொத்தம்" உடைந்து வந்தால் கணக்கின் மேலேயே சந்தேகம் வரும்.

மறுபடி எடுக்கும்போது எண் மாறிவிடும்

முதல் முறை சரியாக வரவில்லை, மறுபடி எடுக்கிறீர்கள். கணக்கைத் திறந்தால் இப்போது பழைய பாக்கி 1,340 இல்லை, 760. மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. உங்கள் வசன எண்கள்தான் தவறிவிட்டன. கவனிக்காமல் எடுத்துவிட்டால் மேலே போட்ட எழுத்தில் ஒரு தொகையும் போன் திரையில் இன்னொரு தொகையும் இருக்கும். ஆகவே முதல் ஓட்டத்துக்கு முன்பே காப்புப் பிரதி எடுத்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதை மீட்டெடுத்த பிறகே தொடங்குங்கள். பில்லையும் வரவையும் தனித்தனியாக அழித்தும் பழைய நிலைக்குப் போகலாம். ஆனால் பல மென்பொருள்களில் பில் எண் திரும்பாது. ஒரு ஓட்டத்தின் திரைப்பதிவையும் இன்னொரு ஓட்டத்தின் சீட்டையும் ஒட்டினால் பில் எண்ணும் நேரமும் பொருந்தாமல் போகும். ஒரே ஓட்டத்தில் கிடைத்ததை மட்டும் சேருங்கள்.

கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்தல்

வெளியிடும் முன், இந்தப் படத்தில் சம்பந்தப்படாத ஒரு மளிகைக் கடைக்காரரிடம் ஒலியை அணைத்துக் காட்டி, "என்ன நடந்துச்சு அண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். "பாக்கி பாத்தாங்க, ஆயிரம் வரவு வச்சாங்க" என்றால் படம் வேலை செய்கிறது. "பில் போட்டாங்க" என்றால் பழைய பாக்கி என்ற எழுத்து சிறியதாக இருக்கிறது, அல்லது 7 முதல் 10 விநாடிப் பகுதி போதவில்லை. பெரிதாக்குங்கள், தேவையானால் நோட்டுப் பகுதியில் ஒரு விநாடியை எடுத்து இங்கே சேருங்கள்.

பார்த்து முடித்தவர் கேட்கும் கேள்விகளுக்குக் காணொளியில் பதில் தேடாதீர்கள், நேரில் சொல்லுங்கள். முதல் கேள்வி பெரும்பாலும் "நோட்டுல இருக்கறதை எல்லாம் யாரு ஏத்துறது?" என்பதுதான். நேர்மையாகச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றைய நிலுவை ஒரே ஒரு தொகையாக ஏறினால் போதும், பழைய வரிகள் நோட்டிலேயே இருக்கட்டும், அந்தத் தொகையை அவர்தான் கூட்டிச் சொல்ல வேண்டும். வீடு வந்து கேட்கும்போது அந்த வீட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போகலாம் என்றால் அவருக்குப் பாரம் தெரியாது.

இரண்டாவது கேள்வி சீட்டைப் பற்றியது: "இந்தத் தாள் எழுத்து அழிஞ்சுருமே?" அழியும். வெயிலிலும் சூட்டிலும் எண்ணெய்க் கையிலும் வெப்பத் தாள் சீக்கிரம் வெளுத்துவிடும். விசேஷக் கணக்கு மாதக்கணக்கில் நிற்கும் வீடுகளுக்குச் சீட்டை மட்டும் நம்பக் கூடாது. பில்லை வாட்ஸ்அப்பில் அந்த வீட்டுக்கு அனுப்பும் வசதி இருந்தால் அவர் கையிலேயே போனைக் கொடுத்து ஒரு முறை அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால், வரவு வைக்கும்போதெல்லாம் நோட்டிலும் மிச்சத் தொகையை மட்டும் ஒரு வரி எழுதி வைக்கட்டும்.